முதலில் எதைப் போடுவது?

பொறியியல் கலந்தாய்வு தொடங்கிவிட்டால் உதவி மையங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இதுதான்: “கிடைக்காதுன்னு தெரிஞ்ச காலேஜை முதல்ல போட்டா, அந்த இடம் வீணாப் போயிடாதா சார்?” கேட்பவர் பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ. பிள்ளை பக்கத்தில் மௌனமாக நிற்கும். கேள்விக்குள் ஒரு பயம் இருக்கிறது. எட்டாத கல்லூரியை மேலே எழுதினால், எட்டக்கூடிய கல்லூரியும் அதற்குள் வேறு யாருக்கோ போய்விடும் என்ற பயம். அதனால் ‘கண்டிப்பாகக் கிடைக்கும்’ என்று தோன்றுவதைத் தூக்கி முதலிடத்தில் வைக்கிறார்கள். கிடைத்தும் விடுகிறது. அதைவிட நல்ல இடம் ஒன்று, அதே பட்டியலின் ஆறாவது வரியில், எட்டும் தூரத்தில் இருந்ததைப் பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை இடங்களைப் பிரித்துக் கொடுக்கும் முறையைப் பார்த்தால் இது விளங்கும். அது விளங்கிவிட்டால் பட்டியலை எப்படி அடுக்குவது என்பதும் பாதி விளங்கிவிடும்.

2018க்கு முன்னால் கலந்தாய்வுக்கு மாணவர்கள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் வர வேண்டும். தரவரிசைப்படி கூப்பிடுவார்கள். திரையில் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவில், எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் முறை வந்ததும் மிச்சமிருப்பதில் உங்களுக்கு மிகவும் பிடித்ததைச் சொல்வீர்கள். அது உங்களுடையது. அடுத்தவர் வருவார். 2018இல் இது இணையத்துக்கு மாறியபோது, நேரில் போய்ச் சொல்வதற்குப் பதில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறோம். மாறியது அவ்வளவுதான். கணினி உங்கள் ஆளாக அந்த அறைக்குள் போகிறது. கையில் உங்கள் பட்டியல். உங்கள் முறை வந்ததும் முதல் வரியைப் பார்க்கிறது. அந்த இடம் இருந்தால் எடுத்துக்கொள்கிறது. இல்லையென்றால் இரண்டாவது வரி. அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. இப்படி இறங்கிப் போய் முதலில் எது காலியாக இருக்கிறதோ அதை உங்களுக்கு வாங்கித் தந்துவிட்டு, அதன் பிறகுதான் அடுத்த ரேங்க் மாணவரிடம் போகிறது.

இதில் கவனிக்க வேண்டியது கடைசி வாக்கியம். உங்கள் பட்டியலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பார்த்து முடிக்கும்வரை உங்களுக்குப் பின்னால் இருப்பவருக்கு ஓர் இடமும் போகாது. நீங்கள் எட்டாத கல்லூரிகள் இருபதை மேலே எழுதிவிட்டு இருபத்தோராவதாக ஒன்றை எழுதியிருந்தாலும், அந்த இருபத்தோராவது இடத்துக்கு உங்களுக்குப் பின்னால் இருக்கும் மாணவர் அதையே முதல் விருப்பமாக எழுதியிருந்தாலும், இடம் உங்களுக்குத்தான். அவர் முதலிடத்தில் எழுதினார் என்பதற்காக அவருக்கு எந்த முன்னுரிமையும் கிடையாது. அதேபோல, உங்களுக்கு முன்னால் இருப்பவர் அதை முப்பதாவதாக எழுதியிருந்து, அவருக்கு மேலே எதுவும் அமையாவிட்டால், அவர்தான் எடுத்துக்கொள்வார். வரிசையைத் தீர்மானிப்பது ரேங்க் மட்டும். பட்டியலில் ஒரு கல்லூரி எத்தனையாவதாக இருக்கிறது என்பது உங்களுக்குள் நடக்கும் விஷயம். அடுத்தவரோடு போட்டியிட அது உதவாது.

ஆகவே கிடைக்குமா கிடைக்காதா என்று கணக்குப் போட்டு வரிசையை மாற்றுவதில் லாபம் எதுவும் இல்லை. நட்டம் மட்டும் உண்டு. எட்டக்கூடியதைப் பிடித்ததற்கு மேலே வைத்தால், பிடித்தது காலியாக இருந்தாலும் கணினி அதைத் திரும்பிப் பார்க்காது.

இந்தப் பயம் எல்லா ஊரிலும் வீண் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பள்ளிச் சேர்க்கைக்கு ஒரு காலத்தில் வேறொரு முறை இருந்தது. ஒரு பள்ளியை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கு முதலில் இடம் கொடுப்பார்கள். மிச்சமிருந்தால்தான் இரண்டாவதாக எழுதியவர்களுக்கு. அங்கே எட்டாத பள்ளியை முதலில் எழுதிய குடும்பம் நிஜமாகவே மாட்டிக்கொள்ளும். முதலாவதும் போய்விடும், இரண்டாவதும் அதற்குள் நிரம்பிவிடும். மனதில் இருப்பதை உள்ளபடி எழுதுபவர் தண்டிக்கப்படுகிறார் என்று 2003இல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் எடுத்துக்காட்டினார்கள். 2005இல் பாஸ்டன் அந்த முறையைக் கைவிட்டது. தமிழ்நாட்டுக் கலந்தாய்வு அந்த வகையைச் சேர்ந்ததில்லை. இங்கே உள்ளபடி எழுதுவதுதான் பாதுகாப்பான வழியும்கூட.

இட ஒதுக்கீடு இதில் எங்கே வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதிலும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. மொத்த இடங்களில் 31 சதவீதம் பொதுப்போட்டிக்கு. மீதி 69 சதவீதம் பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர், பட்டியல் சாதியினர், அருந்ததியர், பழங்குடியினர் என்று பிரியும். ஒவ்வொரு விருப்பத்துக்கும் கணினி முதலில் பொதுப்போட்டி இடத்தைப் பார்க்கிறது. அங்கே இல்லையென்றால் அதே விருப்பத்தில் உங்கள் பிரிவுக்கான இடத்தைப் பார்க்கிறது. இரண்டிலும் இல்லையென்றால்தான் அடுத்த வரிக்கு இறங்குகிறது. பொதுப்போட்டிக்கு ஒரு பட்டியல், பிரிவுக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாக யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே பட்டியலை உங்கள் விருப்பப்படி எழுதினால் போதும்.

சரி, கிடைக்குமா என்று பார்க்க வேண்டாம், பிடித்த வரிசையில் எழுதினால் போதும் என்றால், வேலை எளிதாகிவிட்டதா? இல்லை. உண்மையான சிரமம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பிடித்த வரிசை எது என்று பல மாணவர்களுக்கே தெரியாது. விண்ணப்பத்தில் ஒரு விருப்பம் என்பது கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்ந்த ஜோடி. ‘இந்தக் கல்லூரி’ என்று மட்டுமோ ‘கம்ப்யூட்டர் சயின்ஸ்’ என்று மட்டுமோ எழுத முடியாது. இன்ன கல்லூரியில் இன்ன பாடம் என்பது ஒரு வரி. அதே கல்லூரியில் வேறு பாடம் இன்னொரு வரி. நம் மனமோ ஜோடிகளாக யோசித்துப் பழகவில்லை. முதலில் பாடம், பிறகு கல்லூரி என்றோ, முதலில் கல்லூரி, பிறகு பாடம் என்றோதான் யோசிக்கிறது. அதனால் என்ன ஆகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ரேங்க்குகள் விளக்கத்துக்காக நான் எழுதிக்கொண்டவை.

விருதுநகர் பக்கத்து மாணவி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். பொதுத் தரவரிசையில் 41,000 வாக்கில் இருக்கிறாள். அவள் பிரிவுக்குள் 19,000. இரண்டாவது சுற்றில் அழைப்பு வரும். நான்கு கல்லூரிகளைப் பார்த்து வைத்திருக்கிறாள். மதுரையில் பேர்பெற்ற தன்னாட்சிக் கல்லூரி ஒன்று. இரண்டு மாவட்டம் தள்ளி ஓர் அரசுக் கல்லூரி. சென்னைப் புறநகரில் ஒரு சுயநிதிக் கல்லூரி. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், தேர்ச்சி விகிதம் மிகவும் குறைந்த ஒரு சிறிய கல்லூரி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. ஐ.டி. என்றாலும் சரி. எலக்ட்ரானிக்ஸும் பிடிக்கும், எலக்ட்ரிக்கலும் படிப்பாள்.

முதல் நாள் அவள் எழுதிய பட்டியல், எல்லோரும் எழுதுவதைப் போலவே, பாடத்தை வைத்து எழுதியது. நான்கு கல்லூரிகளின் கம்ப்யூட்டர் சயின்ஸும் ஐ.டி.யும் மேலே வரிசையாக. அது முடிந்த பிறகு நான்கு கல்லூரிகளின் எலக்ட்ரானிக்ஸ். அதற்கும் கீழே எலக்ட்ரிக்கல். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது.

இப்போது போன வருடம் அவள் பிரிவில் ஒவ்வோர் இடமும் எந்த ரேங்க் வரை போனது என்று வைத்துப் பார்ப்போம். மதுரைக் கல்லூரியின் மூன்று பாடங்களுமே 12,000க்குள் முடிந்துவிட்டன. அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் 9,500, எலக்ட்ரானிக்ஸ் 18,200, எலக்ட்ரிக்கல் 22,000. சென்னைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் 16,000, ஐ.டி. 18,000, எலக்ட்ரானிக்ஸ் 24,000. பக்கத்துச் சிறிய கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் 38,000 வரை போயிருக்கிறது. இந்த வருடமும் ஏறக்குறைய அப்படியே என்றால், 19,000 ரேங்க்கில் இருக்கும் அவளுக்கு முதல் பட்டியல் எதை வாங்கித் தரும்? மேலே இருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி. வரிகளில் மூன்று கல்லூரிகளுடையவையும் அவளுக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டன. நான்காவது காலியாக இருக்கிறது. பக்கத்து ஊர்ச் சிறிய கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸ். கணினி அதை எடுத்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். அரசுக் கல்லூரியின் எலக்ட்ரிக்கல் அப்போதும் காலியாகத்தான் இருந்தது. கீழே எழுதியதால் அதுவரை போகவே இல்லை.

இரண்டாம் நாள் அவளுடைய ஆசிரியை ஒருவர் கேட்கிறார். “உன் கையில ரெண்டு அனுமதிக் கடிதம் இருக்குன்னு வெச்சுக்கோ. ஒண்ணு பக்கத்து ஊர் காலேஜ், கம்ப்யூட்டர் சயின்ஸ். இன்னொண்ணு அரசுக் கல்லூரி, எலக்ட்ரானிக்ஸ். நாளைக்கு எதுல போய்ச் சேருவே?” யோசிக்காமல் பதில் வருகிறது: “அரசுக் கல்லூரிதான் மிஸ்.” “சரி, எலக்ட்ரானிக்ஸுக்குப் பதிலா எலக்ட்ரிக்கல்னா?” இப்போது கொஞ்சம் யோசிக்கிறாள். “அப்பவும் அரசுக் கல்லூரிதான்.” அப்படியென்றால் அவள் எழுதிய பட்டியல் அவளுடைய மனதைச் சொல்லவில்லை.

இந்த இரண்டு கடிதக் கேள்வியைத்தான் நான் எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். நூறு விருப்பங்களை ஒரே நேரத்தில் வரிசைப்படுத்த யாராலும் முடியாது. இரண்டை ஒப்பிட எல்லோராலும் முடியும். ஒரு தாளில் முதல் நான்கைந்தை அடுக்கிக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பட்டியலின் நடுவில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிட மேல் என்றால் மேல் பாதியின் நடுவோடு, கீழ் என்றால் கீழ்ப் பாதியின் நடுவோடு. மூன்று நான்கு கேள்விகளில் அதற்கான இடம் தெரிந்துவிடும். இதைத் தாளில் செய்து முடித்துவிட்டுத்தான் கணினி முன்னால் உட்கார வேண்டும். விருப்பங்களைப் பதிய ஒவ்வொரு சுற்றிலும் கிடைப்பது சில நாட்கள்தான். யோசிக்கும் வேலையையும் அதற்குள் வைத்துக்கொண்டால் அவசரத்தில் பழைய குப்பையே பதிவாகும்.

ஒப்பிடும்போது எதை எடை போடுவது என்று கேட்டால், கட்டடத்தையும் விளம்பரப் பலகையையும் விட்டுவிட்டு மூன்றைப் பார்க்கச் சொல்வேன். ஒன்று, தேர்ச்சி விகிதம். அண்ணா பல்கலைக்கழகத் தேர்வெழுதும் இணைப்புக் கல்லூரிகளின் பருவத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தைப் பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தாண்டுகிறார்கள் என்பதை அது மறைக்காமல் சொல்லும். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றை இந்த எண்ணோடு ஒப்பிடக் கூடாது. இரண்டாவது, ஆசிரியர்கள். ஒரே ஆசிரியர் பெயரைப் பல கல்லூரிகள் தங்கள் கணக்கில் காட்டியிருப்பதை 2024இல் அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டு வந்தது. இணையதளத்தில் இருக்கும் ஆசிரியர் பட்டியலை மட்டும் நம்பாமல், அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளையிடம் ‘இந்த பருவத்தில் எந்தப் பாடத்துக்கு யார் வருகிறார்கள்’ என்று கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மூன்றாவது, நான்கு வருடத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. கலந்தாய்வு இடத்துக்குக் கல்விக் கட்டணம் கட்டணக் குழு வரையறுப்பது. ஆனால் விடுதி, சாப்பாடு, கல்லூரிப் பேருந்து ஆகியவை சேர்ந்தால் கட்டணத்தையே மிஞ்சிவிடக்கூடும். பட்டியல் எழுதும் முன்பே இந்தத் தொகையை வீட்டில் பேசி முடிக்க வேண்டும். சேர முடியாத இடத்தைப் பட்டியலில் வைப்பது எவ்வளவு பெரிய வில்லங்கம் என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

மாணவியின் இரண்டாவது பட்டியல் இப்படி வந்தது: மதுரை கம்ப்யூட்டர் சயின்ஸ், அரசு கம்ப்யூட்டர் சயின்ஸ், மதுரை ஐ.டி., மதுரை எலக்ட்ரானிக்ஸ், சென்னை கம்ப்யூட்டர் சயின்ஸ், அரசு எலக்ட்ரானிக்ஸ், சென்னை ஐ.டி., அரசு எலக்ட்ரிக்கல், சென்னை எலக்ட்ரானிக்ஸ், கடைசியாகப் பக்கத்து ஊர்க் கல்லூரி. அதே ரேங்க், அதே காலி இடங்கள். இந்தப் பட்டியலில் அவளுக்கு அரசுக் கல்லூரியின் எலக்ட்ரிக்கல் வரும். மதிப்பெண்ணில் ஒன்றும் மாறவில்லை, வரிகளின் இடம் மட்டும் மாறியது.

போன வருட ரேங்க்குகளை இங்கே எதற்காகப் பார்த்தோம்? வரிசையை மாற்ற அல்ல. பட்டியல் போதுமான அளவு கீழே போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. அவள் பத்தாவது வரியோடு நிறுத்தியிருக்கிறாள். 19,000 ரேங்க்குக்கு 22,000, 24,000, 38,000 என்று மூன்று இடம் பத்திரமாக இருக்கிறது. அதனால் சரி. எல்லா வரிகளும் 15,000க்குள் முடிந்தவையாக இருந்தால் எதுவுமே கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுவாள். அங்கே அவளுக்குத்தான் முதல் மரியாதை என்றாலும், அவள் சுற்றில் இருந்தவர்கள் எடுத்தது போக மிச்சம்தான் இருக்கும். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் எழுதலாம். எனவே தனக்குச் சம்மதமான இடங்கள் தீரும்வரை எழுதுவதுதான் சரி. எக்காரணத்தாலும் சேரமாட்டேன் என்ற இடத்தை மட்டும் சேர்க்கக் கூடாது.

இதைப் பார்க்கும்போது கட்-ஆஃப் மதிப்பெண்ணைவிட ரேங்க்கை நம்புங்கள். கணிதம் நூற்றுக்கும், இயற்பியலும் வேதியியலும் தலா ஐம்பதுக்கும் சுருக்கப்பட்டு வரும் அந்த 200, வருடத்துக்கு வருடம் அர்த்தம் மாறும். 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்காமல் மதிப்பெண் வழங்கினார்கள். அந்த வருடக் கட்-ஆஃபை வேறு எந்த வருடத்தோடும் ஒப்பிட முடியாது. வினாத்தாள் எளிதாக இருந்த வருடத்தில் 180 என்பது கூட்டத்துக்கு நடுவில் இருக்கும். கடினமான வருடத்தில் அதே 180 முன்வரிசை. ரேங்க் அப்படித் தடம் மாறாது. இடங்களின் எண்ணிக்கை மாறினால் மட்டும் அதுவும் நகரும். 2024இல் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு ஒரு பாடப்பிரிவில் எத்தனை இடம் என்ற உச்சவரம்பைத் தகுதியுள்ள கல்லூரிகளுக்குத் தளர்த்தியது. கேட்கும் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் கூடின. முன்பு கிடைக்காத ரேங்க்குக்கு இப்போது கிடைக்க ஆரம்பிக்கிறது. மேலே எட்டாதவற்றைத் துணிந்து எழுதச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். போன வருடம் 16,000இல் முடிந்தது இந்த வருடம் 20,000 வரை போகலாம். எழுதியிருந்தால்தான் கிடைக்கும்.

இனி வரிசை இரண்டாவது முறை வேலை செய்யும் இடத்துக்கு வருவோம். பலர் இடறுவது இங்கேதான். பட்டியல் பதிந்து முடிந்ததும் தற்காலிக ஒதுக்கீடு வரும். அதைப் பார்த்து ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். Accept and Join என்றால் இதிலேயே சேர்ந்துவிடுகிறேன், போதும் என்று பொருள். Accept and Upward என்றால் இதை வைத்துக்கொள்கிறேன், மேலே நான் எழுதியவற்றில் ஏதாவது காலியானால் அதைக் கொடுங்கள் என்று பொருள். முதலாவதைத் தேர்ந்தவர் குறித்த நாளுக்குள் கல்லூரிக்கே போய்க் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். இரண்டாவதைத் தேர்ந்தவர் உதவி மையத்தில் கட்ட வேண்டும். தவறினால் இடம் போய்விடும். Decline and Upward என்றும் ஒன்று உண்டு. கையில் இருப்பதைக் கைவிட்டு மேலே மட்டும் காத்திருப்பது. மேலே ஒன்றும் காலியாகாவிட்டால் கையில் எதுவும் இருக்காது. கொடுத்த இடத்தில் சேரவே முடியாது என்ற நிலையில் தவிர அதைத் தொடக் கூடாது.

முன்னால் இருந்தவர்களில் சிலர் மருத்துவத்துக்கோ வேறு எங்கோ போய்விடுவார்கள், பணம் கட்டாமல் விடுவார்கள். அந்த இடங்கள்தான் மேல்நோக்கி நகர்பவர்களுக்கு வரும். நம் மாணவிக்கு அரசு எலக்ட்ரிக்கல் வந்திருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் 18,200இல் முடிந்தது, அவளோ 19,000. கொஞ்சம் பேர் விலகினால் கிடைத்துவிடும். Accept and Upward கொடுப்பது இயல்பு. ஆனால் இரண்டு விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலே ஒன்று காலியானால் ‘வேண்டுமா’ என்று யாரும் திரும்பக் கேட்பதில்லை. மாற்றம் தானாக நடக்கும், பழைய இடம் அந்த நொடியே வேறு ஒருவருக்குப் போய்விடும். இன்னொன்று, ‘மேலே’ என்பது அவள் எழுதிய பட்டியலின் மேல். இப்போது மனதில் இருக்கும் வரிசை அங்கே செல்லாது.

அவள் பட்டியலில் அரசு எலக்ட்ரிக்கலுக்கு நேர் மேலே சென்னை ஐ.டி. இருக்கிறது. அன்றைக்கு ஆசையில் எழுதியது. இடையில் அப்பா கணக்குப் போட்டுப் பார்க்கிறார். சென்னையில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் தொகை வீட்டு வருமானத்தில் அடங்காது. இப்போது எலக்ட்ரானிக்ஸ் கிடைக்காமல் சென்னை ஐ.டி. மட்டும் காலியானால், அவள் சென்னைக்குத் தூக்கிப் போடப்படுவாள். அரசுக் கல்லூரி இடம் போய்விடும். இந்த நிலையில் அவளுக்குச் சரியான முடிவு Accept and Join. எலக்ட்ரானிக்ஸ் ஆசையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கட்ட முடியாத சென்னை விடுதியை முதலிலேயே நீக்கியிருந்தால் இரண்டும் அவள் கையில் இருந்திருக்கும். முன்னே வில்லங்கம் என்றேனே, அது இதுதான். எட்டாத ரேங்க் பட்டியலில் இருந்தால் ஒரு தீங்கும் இல்லை. எட்டாத செலவு இருந்தால் தீங்குதான்.

அதனால் விண்ணப்பத்தைப் பூட்டும் முன் கடைசியாக ஒருமுறை கீழிருந்து மேலாகப் படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் நின்று, ‘இதற்குக் கீழே இருப்பது என் கையில் இருக்கும்போது, இது காலியானது என்று என்னைக் கேட்காமலே மாற்றிவிட்டால் சந்தோஷப்படுவேனா?’ என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வரும் வரிகளை அங்கேயே இடம் மாற்றுங்கள். மேலிருந்து கீழே படிக்கும்போது இந்தத் தவறுகள் கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் அப்போது மனம் ஆசையோடு படிக்கிறது.

பதியும்போது கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் பாருங்கள். ஒரே அறக்கட்டளையின் இரண்டு கல்லூரிகள் கிட்டத்தட்ட ஒரே பெயரில் இருக்கும். கோவையில் பீளமேட்டில் இருக்கும் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் நீலாம்பூரில் இருக்கும் பி.எஸ்.ஜி. ஐடெக் கல்லூரியும் வேறு வேறு. அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயரும் அப்படித்தான். கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்ற பல்கலைக்கழக வளாகங்கள் ஒரு வகை. மண்டல வளாகங்களும் விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டி போன்ற ஊர்களில் இருக்கும் உறுப்புக் கல்லூரிகளும் இன்னொரு வகை. பெயரின் முதல் சொல்லைப் பார்த்து மேலே வைத்துவிட்டு, ஒதுக்கீடு வந்த பிறகு ஊரைப் பார்த்துத் திகைக்கிறார்கள். பாடப்பிரிவின் பெயருக்குப் பின்னால் SS என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. வகுப்பறை அதே கல்லூரியில்தான், கட்டணம் கூடுதல். இரண்டையும் தனித்தனி வரியாக எழுத வேண்டும், அவற்றுக்கு இடையிலும் அந்த இரண்டு கடிதக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

கடவுச்சொல்லைக் கல்லூரி முகவரிடமோ பிரவுசிங் சென்டரிலோ விட்டுவிட்டு வராதீர்கள். ஆள் சேர்த்துக் கொடுத்தால் கல்லூரியிடம் காசு வாங்குபவருக்கு உங்கள் பட்டியலின் வரிசையில் சொந்த அக்கறை உண்டு, அது உங்களுடைய அக்கறை அல்ல. வேறு யாராவது தட்டச்சு செய்து கொடுத்தாலும், சேமித்த பட்டியலை அச்செடுத்து, வீட்டில் எழுதிய தாளோடு வரி வரியாக, எண்ணும் பாடப்பிரிவும் சேர்த்து, மாணவரே சரிபார்க்க வேண்டும். நேரம் முடிந்ததும் எது சேமிக்கப்பட்டிருக்கிறதோ அதுதான் அவருக்காக உள்ளே போகும்.